கூடுதல் உதவித்தொகை கேட்கும் கடிதம்: முதலில் எண், பிறகு எழுத்து

கேள்வி: நான் சேர விரும்பும் பல்கலைக்கழகம் கொடுக்கும் உதவித்தொகை எங்களுக்குப் போதாது. இன்னொரு பல்கலைக்கழகம் அதிகமாகத் தருகிறது. விண்ணப்பித்த பிறகு அப்பாவுக்கு வேலையும் போய்விட்டது. இதைச் சொல்லிக் கூடுதலாகக் கேட்டால் தவறாக எடுத்துக்கொள்வார்களா? எப்படி எழுதுவது?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். உதவித்தொகை அலுவலகங்களுக்கு இப்படிப்பட்ட கடிதங்கள் புதிதல்ல. மரியாதையாகவும் உண்மையாகவும் கேட்டதற்காகக் கொடுத்த இடத்தைப் பறிப்பது வழக்கமில்லை. திருத்திய ஆவணத்தையோ பொய்க் கணக்கையோ அனுப்பினால்தான் இடமே போகும்.

எழுத உட்காரும் முன் ஒரு கணக்கைப் போட்டுவிடுங்கள். பலர் இரண்டு உதவித்தொகைகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது, எல்லாம் கழித்த பிறகு வீட்டிலிருந்து எவ்வளவு போகிறது என்பதை. நாணயம் எதுவானாலும் வழி ஒன்றுதான் என்பதால் வெறும் ஆயிரங்களில் சொல்கிறேன்.

நீங்கள் விரும்பும் இடத்தில் கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு, காப்பீடு, புத்தகம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 52 என்று வைத்துக்கொள்வோம். உதவித்தொகை 15. கையிலிருந்து போவது 37. மற்ற இடத்தில் மொத்தச் செலவு 46, உதவி 20 என்று கடிதம் சொல்கிறது. ஆனால் அந்த 20-க்குள் 4 கடனாக இருக்கிறது. கடன் திருப்பிக் கட்ட வேண்டிய பணம், அதை உதவியில் சேர்க்கக் கூடாது. அப்படியானால் உண்மையான உதவி 16, கையிலிருந்து போவது 30. உதவித்தொகையை மட்டும் பார்த்தால் வித்தியாசம் 5. கடனைக் கழித்தால் வெறும் 1. ஆனால் வீட்டுக்கு வரும் வித்தியாசம் 7. இரண்டு இடங்களையும் ஒப்பிடும்போது பார்க்க வேண்டியது இந்த 7-தான். "அவர்கள் 20 தருகிறார்கள், நீங்கள் 15" என்று எழுதினால், அலுவலர் ஆவணத்தைத் திறந்து உள்ளே கடன் இருப்பதைப் பார்ப்பார். அதோடு உங்கள் மற்ற எண்களையும் சந்தேகிக்கத் தொடங்குவார்.

அடுத்து, உங்களால் எவ்வளவு முடியும்? அப்பா வேலையில் இருந்தபோது வீட்டு வருமானம் 84 என்று விண்ணப்பத்தில் போட்டிருப்பீர்கள். இப்போது அம்மாவின் சம்பளம் 24, அப்பாவின் தற்காலிக வேலையில் 21, ஆக 45. இதிலிருந்து 14 ஒதுக்கலாம். படிப்புக்கென்று சேர்த்த 36-ஐ நான்கு ஆண்டுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 9. உங்கள் பெயரில் கல்விக்கடன் 8. மொத்தம் 31. வேண்டியது 37, இருப்பது 31. ஆக, கேட்க வேண்டியது 6.

இங்கே என் அழுத்தமான கருத்து ஒன்று. 7 வித்தியாசம் இருக்கிறது என்பதற்காக 7 கேட்காதீர்கள். 6 கேளுங்கள். மற்ற இடத்துக்குச் சமமாகக் கொடுங்கள் என்பது பேரம். 6 கிடைத்தால் சேர முடியும், இல்லாவிட்டால் முடியாது என்பது அலுவலர் தன் மேலதிகாரியிடம் எடுத்துச் சொல்லக்கூடிய காரணம். அவர் பணத்தைத் தன் விருப்பப்படி தூக்கிக் கொடுப்பதில்லை. கோப்பை மறுபடி திறக்க அவருக்கு ஒரு காரணம் வேண்டும், அதற்குச் சான்று வேண்டும்.

உங்களிடம் இரண்டு காரணங்கள் இருக்கின்றன, இரண்டின் எடையும் வேறு. மற்ற பல்கலைக்கழகம் அதிகம் தருகிறது என்பது பெரும்பாலும் மதிப்பெண், திறமை சார்ந்த உதவியை முடிவு செய்பவர்களுக்கான வாதம். அதுவும் மற்றது ஏறக்குறைய அதே தரத்தில், அதே மாணவர்களுக்குப் போட்டியிடும் நிறுவனமாக இருந்தால்தான் எடுபடும். வேலையிழப்பு, தேவை அடிப்படையிலான உதவிக்கான வாதம். விண்ணப்பத்தில் பழைய வருமானத்தை வைத்துத்தானே கணக்குப் போட்டார்கள், அதனால் இது அவர்கள் இதுவரை பார்க்காத செய்தி. என்னைக் கேட்டால் இதைத்தான் முன்னால் வைப்பேன். சில இடங்களில் இந்த இரண்டையும் வெவ்வேறு பிரிவுகள் கவனிக்கும், மறுபரிசீலனைக்குத் தனிப் படிவமும் இருக்கும். யாருக்கு அனுப்புவது என்று முதலில் ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள்.

சரி, கடிதம். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பெற்றோர் எழுதாமல் நீங்களே எழுதுங்கள். ஏறக்குறைய இப்படி:

> ஐயா / அம்மையீர்,
>
> எனக்கு இடமும் ஆண்டுக்கு 15 ஆயிரம் உதவித்தொகையும் தந்ததற்கு நன்றி. என் முதல் விருப்பம் உங்கள் பல்கலைக்கழகமே.
>
> நான் விண்ணப்பித்த பிறகு என் தந்தை வேலை இழந்தார். விண்ணப்பத்தில் 84 ஆயிரமாக இருந்த குடும்ப ஆண்டு வருமானம் இப்போது 45 ஆயிரம். பணிநீக்கக் கடிதத்தையும் பெற்றோரின் தற்போதைய சம்பளச் சீட்டுகளையும் இணைத்துள்ளேன்.
>
> உங்களிடம் படிக்க ஆண்டுக்கு 37 ஆயிரம் நாங்கள் செலுத்த வேண்டும். வருமானத்திலிருந்து 14, சேமிப்பிலிருந்து 9, கல்விக்கடனாக 8, ஆக 31 ஆயிரம் எங்களால் முடியும். எனக்கு இடம் தந்துள்ள மற்றொரு பல்கலைக்கழகத்தில், கடனை உதவியாகக் கணக்கிடாமல், நாங்கள் செலுத்த வேண்டியது 30 ஆயிரம். அந்தக் கடிதத்தின் நகலும் இணைப்பில் உள்ளது.
>
> நான்கு ஆண்டுகளுக்கும் ஆண்டுக்கு 6 ஆயிரம் கூடுதல் உதவி கிடைக்குமா என்று பரிசீலிக்கக் கேட்டுக்கொள்கிறேன். கிடைத்தால் உடனே என் சேர்க்கையை உறுதி செய்வேன்.

கடைசி வரி உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். உண்மையென்றால் கடிதத்திலேயே வலுவான வரி அதுதான், ஏனென்றால் அந்தப் பணம் ஒரு மாணவரை நிச்சயமாகக் கொண்டுவரும் என்று அவர்களுக்குத் தெரிகிறது. இரண்டு இடத்துக்கும் இதே வரியை அனுப்பும் சாமர்த்தியம் வேண்டாம்.

அலுவலர் கண் போகும் இடங்கள் சில உண்டு. வேலை போனபோது அப்பாவுக்கு மொத்தமாக ஏதாவது தொகை வந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லி, எதற்குச் செலவாகிறது என்று ஒரு வரி எழுதுங்கள். மருத்துவச் செலவு, தாத்தா பாட்டியைப் பராமரிக்கும் செலவு போன்றவற்றை ரசீதோடு காட்டலாம். கார் தவணையையும் இரண்டாவது வீட்டுக் கடனையும் கஷ்டமாகக் காட்டினால் எதிர்விளைவுதான்.

நேரமும் முக்கியம். சேர்க்கையை உறுதி செய்து முன்பணம் கட்டிய பிறகு கேட்டால், கொடுக்க வேண்டிய அவசியமே அவர்களுக்குக் குறைந்துவிடும். கடைசி நாளுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே அனுப்புங்கள். ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால் நினைவூட்டி, தேவைப்பட்டால் கடைசி நாளைத் தள்ளிவைக்கவும் கேளுங்கள். மற்ற இடத்தை அதுவரை கைவிட வேண்டாம்.

பதில் "சரி" என்று வந்தாலும் உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். 6 கிடைத்தது என்று மகிழ்ந்த பிறகு அது முதலாண்டுக்கு மட்டும் என்று தெரியவந்தால், மீதி மூன்று ஆண்டுக்கும் சேர்த்து 18 ஆயிரம் பள்ளம் விழும். ஆண்டுதோறும் தொடருமா, எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் நின்றுவிடும், வெளியிலிருந்து வேறு உதவித்தொகை கிடைத்தால் இதைக் குறைப்பார்களா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். "முடியாது" என்று வந்தால், விடுதிக் கட்டணச் சலுகையோ வளாகத்தில் பகுதிநேர வேலையோ தர முடியுமா என்று ஒரே ஒரு முறை கேட்கலாம். அதற்கும் இல்லையென்றால் 30 கேட்கும் அந்த மற்ற இடத்தில் சேர்வதுதான் உங்கள் கணக்குக்கு ஒத்துவரும்.