தையல் ஃபுளோரில் தமிழ், பையர் மெயிலில் ஆங்கிலம்

கேள்வி: திருப்பூர் பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் டீமுக்குத் தலைமை. ஃபுளோரில் எல்லாம் தமிழ்தான். ரிப்போர்ட்டும் பையர் மெயிலும் ஆங்கிலம். "தையல் முடிஞ்சிருச்சு, கொஞ்சம் ஆல்டர் இருக்கு, பேக்கிங் ஓடுது" என்று சூப்பர்வைசர் சொன்னதை, 'உற்பத்தி முடிந்தது' என்று என் ஜூனியர் எழுதிவிட்டார். பையர் இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் அனுப்பினார். வந்தவர் பார்க்காமலே திரும்பினார். சூப்பர்வைசர்களை ஆங்கில வகுப்புக்கு அனுப்பலாமா?

பதில்: வேண்டாம். சூப்பர்வைசர் உண்மையைத்தான் சொன்னார். ஆல்டரில், அதாவது திருத்தித் தைக்க, நிற்கும் அந்தக் 'கொஞ்சம்' எத்தனை பீஸ் என்று ஜூனியர் கேட்கவில்லை. அதை ஆங்கிலம் சரிசெய்யாது.

ஃபைனல் இன்ஸ்பெக்ஷனுக்கு வழக்கமான நிபந்தனை, சரக்கு முழுவதும் தயாராகி, குறைந்தது 80 சதவீதமாவது பேக் ஆகியிருக்க வேண்டும் என்பது. ஆகவே ஃபுளோரிலிருந்து வரவேண்டியது வாக்கியமல்ல, எண்கள். கட்டிங், தைத்தது, ஆல்டரில் நிற்பது, ரிஜெக்ட், பேக் ஆனது என ஐந்து கட்டம் போட்ட தமிழ்த் தாளைத் தினமும் மாலை சூப்பர்வைசரே எழுதிக் கையெழுத்திடட்டும். ஜூனியர் அந்த எண்களை மட்டும் ஆங்கில ரிப்போர்ட்டில் ஏற்றட்டும்.

6,000 பீஸ் ஆர்டர் என்று வையுங்கள். தைத்தது 6,080, ஆல்டரில் 310, பேக் ஆனது 4,100. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 310-ஐக் கழித்தால் மிஞ்சுவது 5,770. அதிலும் ரிஜெக்ட் போகும். குறைந்தது 230 பீஸ் ஆல்டரிலிருந்து திரும்பாமல் ஆர்டர் நிறையாது. பேக்கிங்கும் 4,800-ஐத் தொடவில்லை. நாளுக்கு 700 பேக் ஆனால் அதற்கே இன்னும் ஒரு நாள் வேண்டும். ஆல்டர் எப்போது திரும்பும் என்று அதைத் தைக்கும் பவர் டேபிளில் கேட்ட பிறகே தேதி எழுத முடியும். தேதி உள்ள மெயில் எதுவும் உங்கள் பார்வைக்கு வராமல் போகக்கூடாது.

எதிர்த்திசையிலும் இதே சிக்கல் உண்டு. 'கழுத்து அகலம் அரை செ.மீ. குறைக்கவும்' என்ற பையர் கமெண்ட், ஃபுளோருக்குப் போகும்போது "கழுத்தைக் கொஞ்சம் குறைங்கண்ணா" ஆகிவிடும். அளவுச் சார்ட்டில் அந்த வரியை வட்டமிட்டு, திருத்திய சாம்பிளோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். எந்த அளவு, எவ்வளவு, எந்த பண்டிலிலிருந்து என்பதைச் சூப்பர்வைசர் திருப்பிச் சொன்ன பிறகே ஜூனியர் நகரட்டும்.

ஒன்று மட்டும் கவனம். ஆல்டர் எண்ணைப் பார்த்து ஃபுளோரில் சத்தம் போட்டீர்களானால், மறுநாள் தாளில் அது 40 ஆகிவிடும், பீஸ் அங்கேயே கிடக்கும். இதைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை: கட்டிங் எண்ணிலிருந்து பேக் ஆனது, ரிஜெக்ட், ஆல்டர் மூன்றையும் கழியுங்கள். மிச்சம் எந்த டேபிளில், எந்தக் கூடையில் இருக்கிறது என்று ஃபுளோரில் காட்டச் சொல்லுங்கள்.