அடுத்த எபிசோட் தானாக ஓடாமல் இருக்க

ஒரு எபிசோட் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் மூன்று ஓடிவிடுகிறது. நெட்ஃபிளிக்ஸில் இதை எப்படி நிறுத்துவது?

நானும் இப்படித்தான் மாட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பதரைக்கு ஆரம்பித்த 45 நிமிட எபிசோட் பத்தேகாலுக்கு முடியும். ஆனால் எழுந்திருக்கும்போது மணி பதினொன்றேமுக்கால். முன்பெல்லாம் அடுத்ததைப் பார்க்க நாமே பட்டனை அழுத்த வேண்டும். இப்போது பார்க்காமல் இருக்கத்தான் அழுத்த வேண்டியிருக்கிறது. களைப்பாக இருக்கும் இரவில் சும்மா இருப்பதுதான் சுலபம், அதனால் ஓடிக்கொண்டே இருக்கிறது.

பிரவுசரில் உள்ளே போய், அக்கவுண்ட் பக்கத்தில் உங்கள் புரொஃபைலைத் திறந்து, Playback settings போங்கள். அங்கே Autoplay next episode in a series on all devices என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு சேவ் செய்யுங்கள். டிவியில் மாற்றம் தெரியவில்லை என்றால் வேறொரு புரொஃபைலுக்குப் போய்த் திரும்பி வாருங்கள். ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனியாக மாற்ற வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

யூடியூபில் ஆட்டோபிளேயை போனில் அணைத்துவிட்டேன். டிவியில் இன்னும் ஓடுகிறது. செட்டிங் சேவ் ஆகவில்லையா?

போனில் சேவ் ஆகியிருக்கும். டிவி ஆப்பின் Settings-இல் Autoplay தனியாக இருக்கிறது, அதையும் அணையுங்கள். அப்புறமும் ஓடினால், நீங்கள் பார்ப்பது பிளேலிஸ்ட்டா என்று பாருங்கள். பிளேலிஸ்ட்டுக்குள் இந்த ஸ்விட்ச் அணைந்திருந்தாலும் அடுத்த வீடியோ வரும்.

ஆட்டோபிளேயை அணைத்தால் பரிந்துரைகளும் நின்றுவிடும், இரண்டும் ஹிஸ்டரியை வைத்துத்தானே வருகின்றன?

ஹிஸ்டரி பற்றிச் சொன்னது பெரும்பாலும் சரி. ஆனால் ஆட்டோபிளேயை அணைத்தால் தானாக ஓடுவது மட்டும்தான் நிற்கும், பட்டியல் அப்படியே இருக்கும். அதைக் குறைக்க, ஹிஸ்டரி பக்கத்தில் Pause watch history, Clear all watch history இரண்டையும் செய்யுங்கள். முகப்புப் பக்கம் பரிந்துரை இல்லாமல் காலியாகிவிடும். 2023 முதல் அப்படித்தான். தேடித்தான் பார்க்க வேண்டும், எனக்கு அதுவே நிம்மதியாக இருக்கிறது. ஆனால் வீடியோவின் பக்கத்தில் வரும் பட்டியல் போகாது. அது நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் வீடியோவை ஒட்டியும் வருகிறது. பாதியில் விட்ட வீடியோவை விட்ட இடத்திலிருந்து தொடரவும் முடியாமல் போகும்.

என் மகனுக்கு 15 வயது. அவன் கணக்கில் ஆட்டோபிளே ஏற்கெனவே அணைந்துதான் இருக்கிறது. ஆனாலும் போனைக் கீழே வைப்பதில்லை. ஏன்?

18 வயதுக்குக் கீழே என்று பதிவான கணக்கில் யூடியூப் அதை அணைத்தே கொடுக்கிறது. அவன் பார்ப்பது ஷார்ட்ஸாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். அங்கே அடுத்ததுக்குப் போக விரலால் தள்ளினால் போதும், அதனால் இந்த ஸ்விட்ச்சுக்கு அங்கே வேலையே இல்லை. Take a break நினைவூட்டலை 15 நிமிடத்துக்கு வைத்துப் பார்க்கலாம். ஆனால் அதை ஒரே தட்டில் ஒதுக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இதற்கு எந்த செட்டிங்கிலும் முழு வழி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உங்களில் யாருக்காவது வேறு ஏதாவது பலித்திருந்தால் சொல்லுங்கள்.