"ஆவன செய்யுங்கள்" என்றால் என்ன செய்ய வேண்டும்? – கேள்வி பதில்

தோட்டக் கந்தோரில் கிளார்க்காக வேலை பார்த்து, அப்புறம் அரச அலுவலகமொன்றில் தமிழ்–சிங்கள மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தேய்ந்துபோன கடிதச் சொற்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

தலவாக்கலையிலிருந்து ஒரு மகள்: ஐயா, அம்மா 31 வருஷம் கொழுந்து பறித்தவர். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர். சேமலாப நிதிக்கு விண்ணப்பிக்க முடியவில்லை. துரைக்கு எழுதிய கடிதத்தின் கடைசி வரி: "மேற்படி விடயம் தொடர்பாகத் தாங்கள் கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்." இதை எப்படி மாற்றலாம்?

அந்த வரியை இப்போதைக்கு விடுங்கள் மகள். துரை தன் மேசையில் எதைச் செய்தால் அம்மாவின் வேலை நகரும்? சேமலாப நிதியைக் கொடுப்பவர் அவர் இல்லை. இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று தோட்டத்தின் கடிதத்தாளில் உறுதிப்படுத்திக் கையொப்பமிட அவரால் முடியும். உங்களுக்கு அதுதான் தேவையென்றால் இப்படி எழுதலாம்:

"செக்ரோலில் 'மாரியாயி' என்றும் அடையாள அட்டையில் 'மாரியம்மா' என்றும் பதிவாகியிருப்பவர் என் அம்மா ஒருவரே என்பதை உறுதிப்படுத்தி ஒரு கடிதம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அவருடைய அங்கத்துவ இலக்கமும் அடையாள அட்டை இலக்கமும் அதில் இருந்தால் உதவியாக இருக்கும். கடிதத்தைத் தொழில் அலுவலகத்தில் கொடுக்க வேண்டியுள்ளது."

பலர் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். "ஆவன" என்பதை எடுத்துவிட்டு "பெயரைத் திருத்தித் தரவும்" என்று போட்டால் வாசிக்கத் தெளிவாகத்தான் இருக்கும், ஆனால் கோரிக்கை மாறிவிட்டது. பதிவேட்டைத் திருத்துவது ஒரு வேலை, உறுதிப்படுத்திக் கடிதம் தருவது வேறு வேலை. முதலாவதைக் கேட்டால் "அது என் கையில் இல்லை" என்று கடிதம் திரும்பி வரலாம்.

தலைப்பையும் பாருங்கள். "உதவி கோரல்" என்று தலைப்பிட்டுவிட்டு, கீழே "மேற்படி விடயம்" என்றால், மேலே ஒரு விடயமும் இல்லையே! "சேமலாப நிதி – பெயர் வேறுபாடு" என்று போடுங்கள்.

அதே மகள்: ஆனால் ஐயா, தொழில் அலுவலகத்தில் இன்ன கடிதம் வேண்டும் என்று சொல்லவில்லை. "தோட்டத்துல எடுத்துட்டு வாங்க" என்றார்கள், அவ்வளவுதான்.

அப்படியானால் நான் மேலே எழுதிக் கொடுத்தது உங்கள் கருத்து இல்லை, என் ஊகம். என்ன வேண்டும் என்று உங்களுக்கே தெரியாதபோது தெரிந்த மாதிரி எழுதக் கூடாது. தெரியாததைக் கேள்வியாக்குங்கள்: "பெயர் வேறுபாட்டுக்குத் தோட்டத்திலிருந்து ஆவணம் கொண்டுவருமாறு தொழில் அலுவலகத்தில் கூறினார்கள். எந்த ஆவணம் என்று கூறவில்லை. தோட்டத்தால் எதைத் தர முடியும் என்று தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." அதற்கும் முன்னால் தொழில் அலுவலகத்துக்கு இன்னொரு நடை போய், தோட்டத்துக் கடிதமா, சமாதான நீதவான் முன்னால் முடிக்கும் சத்தியக்கடதாசியா என்று கேட்டு ஒரு துண்டில் எழுதி வாங்கினால் நல்லது. சத்தியக்கடதாசிதான் என்றால் துரைக்குக் கடிதமே தேவைப்படாது.

பதுளையிலிருந்து மனு எழுதிக் கொடுப்பவர்: "ஆவன செய்க" என்பதே வெள்ளைக்காரன் விட்டுப்போன "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்" என்பதன் மொழிபெயர்ப்பு. பிழையான தமிழ். அடியோடு நீக்க வேண்டும் என்கிறேன்.

பாதி சரி அண்ணா. கடிதத்தின் கடைசி வரியில் அதைப் போட்டு முடிக்கிற பழக்கம் கந்தோர் ஆங்கிலத்தோடு சேர்ந்தே நம்மிடம் ஊறியது. ஆனால் "ஆவன" நல்ல தமிழ், ஆக வேண்டியவை என்று பொருள். இலக்கணத்தில் குற்றமில்லை. யார், எதை, எப்போது என்ற மூன்றையும் அது விழுங்கிவிடுவதுதான் தொல்லை.

நான் மொழிபெயர்த்த காலத்தில் இப்படிக் கடிதங்கள் வரும். தமிழில் "ஆவன". சிங்களத்தில் நான் "அவஷ்ய கட்டயுது" என்று போட வேண்டும், மொழிபெயர்ப்பாளன் புதிதாக எதையும் நுழைக்க முடியாதே. மேலதிகாரி அதே சொல்லை ஓரத்தில் எழுதிக் கீழே அனுப்புவார். மூன்று மேசை தாண்டியும் கடிதம் கேட்டது என்னவென்று ஒருவருக்கும் தெரியாது.

பண்டாரவளை, விடுதி வரவேற்பு மேசையில் வேலை செய்யும் தம்பி: வெளிநாட்டு விருந்தினர் ஒருவருக்குத் திகதி மாற்றம் பற்றி ஆங்கிலத்தில் "கைண்ட்லி ரிவர்ட்" என்று எழுதினேன். அவர் பழைய திகதிக்கே மாற்றச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். நான் பிழையா, அவர் பிழையா?

இரண்டு பேரும் இல்லை தம்பி. நம் பக்கத்தில் "ரிவர்ட்" என்றால் பதில் எழுது. வேறு பல இடங்களில் பழைய நிலைக்குத் திரும்பு. திகதி மாற்றம் பற்றிய கடிதத்தில் இரண்டாவது பொருள்தான் முதலில் தோன்றும். "புதிய திகதி உங்களுக்குச் சரியா என்று பதில் எழுதுங்கள்" என்பதை ஆங்கிலத்தில் எழுதுங்கள். "கைண்ட்லி"க்குப் பதில் "ப்ளீஸ்" போதும்.

மஸ்கெலியா: எங்கள் லயத்துத் தண்ணீர்க் குழாய்க்கு நாலு கடிதம் போட்டாச்சு. இந்தச் சொல்லை மாற்றினால் தண்ணீர் வருமா?

வராது. ஐந்தாவது கடிதத்தில் முந்திய நான்கின் திகதிகளையும் வரிசையாக எழுதுங்கள். எந்தக் கடிதத்துக்குப் பதில் இல்லை என்றாவது அதில் தெரியும்.

ஹட்டனிலிருந்து ஓர் ஆசிரியை: அப்பாவுக்கு 22 வருஷ வேலைக்கு 19 வருஷத்துக்குத்தான் பணிக்கொடை கொடுத்தார்கள். பற்றுச்சீட்டில் "எதிர்ப்புத் தெரிவித்து, உரிமைகளுக்குப் பாதிப்பின்றிப் பெற்றுக்கொள்கிறேன்" என்று அப்பா எழுதப் பார்த்தார். பழைய பாணியாக இருக்கிறதே என்று "நன்றியுடன் பெற்றுக்கொண்டேன்" என்று மாற்றிக் கொடுத்தேன். சரிதானே?

இல்லை டீச்சர். கையொப்பம் போடவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். எல்லாப் பழைய சொல்லும் வெறும் சொல் இல்லை. காசை வாங்குகிறேன், மிச்சத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்றுதான் அப்பா எழுத வந்தார். உங்கள் வரி அதைத் துடைத்துவிட்டது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தில் தொகை சேவை வருடங்களை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. நாட்கூலியென்றால் ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். மூன்று வருடம் என்றால் 42 நாள் சம்பளம்.

பழைய வரியை அப்படியே வைத்து, கீழே எளிமையாக ஒன்று சேருங்கள்: "இது 19 வருடத்துக்கான தொகை. மிகுதி 3 வருடத்துக்கான பணிக்கொடையைக் கேட்கும் உரிமையை நான் கைவிடவில்லை." ஏற்கெனவே கையொப்பமாகியிருந்தால் பற்றுச்சீட்டின் பிரதியோடு ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள், அதற்கு மேல் நான் சொல்வது சரியில்லை.

நுவரெலியா: "கூடிய விரைவில்" என்பதை "15ஆம் திகதிக்குள்" என்று மாற்றினால் தெளிவுதானே?

தெளிவுதான், ஆனால் கெடு வைத்ததாகிவிடும். மேலதிகாரிக்கு எழுதும்போது அது மிரட்டலாகவும் படும். கெடு வைக்க எண்ணமில்லை என்றால் காரணத்தைச் சொல்லி விடுங்கள்: "15ஆம் திகதி நேர்முகப் பரீட்சை இருப்பதால் அதற்கு முன் கிடைத்தால் உதவியாக இருக்கும்."

மீண்டும் பதுளை மனு எழுதுபவர்: நீங்கள் சொல்வதெல்லாம் சரி. ஆனால் "பணிவன்புடன்", "ஆவன" இரண்டும் இல்லாவிட்டால் எங்கள் வயசாளிகள் கடிதத்தையே வாங்க மாட்டார்கள். "இதென்ன தம்பி, சண்டைக்குப் போற மாதிரி" என்கிறார்கள். காசும் தர மாட்டார்கள்.

காசு விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை! "பணிவன்புடன்" இருக்கட்டும், அது யாரையும் குழப்பவில்லை. வயசாளி பிடிவாதம் பிடித்தால் கேட்பதைத் தெளிவாக எழுதிவிட்டு, கடைசியில் "ஆவன"வையும் போட்டுக் கொடுங்கள். நானும் அப்படித்தான் கொடுத்திருக்கிறேன். அது சரிதானா என்று இன்னும் முடிவுக்கு வரவில்லை.