வலிக் குளிசையும் சாராயமும்: இரண்டு மணித்தியால இடைவெளி போதுமா?

கேள்வி: என் கணவர் மோட்டார் சைக்கிளில் விழுந்து கால் முறிந்து, தகடு வைத்து ஒப்பரேஷன் செய்தவர். வீட்டுக்கு வந்து பத்து நாள். ட்ரமடோல் 50 குளிசை எட்டு மணித்தியாலத்துக்கு ஒன்று தந்திருக்கிறார்கள். இப்போது இரவில் கால் போத்தல் சாராயம் எடுக்கத் தொடங்கிவிட்டார். "குளிசைக்கும் சாராயத்துக்கும் ரெண்டு மணித்தியாலம் விட்டா ஒண்டும் செய்யாது" என்கிறார். அது சரியா? (வாசகி, களுவாஞ்சிகுடி)

பதில்: சரியில்லை, சகோதரி. ட்ரமடோல் எடுக்கும் நாட்களில் மதுவுக்குப் பாதுகாப்பான இடைவெளி என்று ஒன்று கிடையாது.

உங்கள் கணவரின் ஒரு நாளையே எடுத்துப் பார்ப்போம். காலை ஆறு, பிற்பகல் இரண்டு, இரவு பத்து என்று அவர் குளிசை எடுப்பதாகக் கொள்வோம். ட்ரமடோலில் பாதியளவு உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ 6 மணித்தியாலம் செல்லும். ஈரல் அதை மாற்றி உண்டாக்கும் பொருள்தான் வலியை மேலும் வலுவாக அடக்குவது. அது இன்னும் சற்று நேரம் கூடுதலாகத் தங்கும். ஆகவே இரவு எட்டு மணிக்கு அவர் முதல் மிடறு குடிக்கும்போது, பிற்பகல் குளிசையில் பாதியும் காலைக் குளிசையின் மிச்சமும் இரத்தத்தில் இருக்கின்றன. கால் போத்தல் சாராயத்தில் உள்ள மதுவை ஈரல் எரித்து முடிக்க ஆறேழு மணித்தியாலம் வேண்டும். பத்து மணிக் குளிசை உச்சத்தை அடைவது நள்ளிரவையொட்டி. அந்த நேரத்தில் மதுவும் உடலில் தாராளமாக இருக்கும். இரண்டு மணித்தியாலம் விட்டும் இரண்டும் சந்திக்கின்றன, அதுவும் அவர் ஆழ்ந்து உறங்கும் வேளையில்.

இரத்தத்தில் கரியமில வாயு கூடும்போது "மூச்சை எடு" என்று உடலை உந்துவது மூளைத்தண்டில் உள்ள சுவாச மையம். ட்ரமடோல், மோர்பின் போன்ற மருந்துகள் அந்த உந்துதலை மழுங்கச் செய்கின்றன. மதுவும் வேறொரு வழியால் அதையே செய்கிறது. விழித்திருப்பவர் பேச்சுச் சத்தத்தாலும் வலியாலும் ஓரளவு தூண்டப்பட்டு மூச்சுவிட்டுக்கொண்டிருப்பார். உறக்கத்தில் அந்தத் தூண்டுதலும் இல்லாமற் போகிறது. "நான் குடித்துப் பழகினவன்" என்ற நம்பிக்கையும் இங்கே உதவாது. பழக்கம் தள்ளாட்டத்தைக் குறைக்குமே தவிர, இந்தக் கலவையிலிருந்து மூச்சைக் காப்பாற்றாது. நேற்று எதுவும் நடக்கவில்லை என்பதும் இன்றைக்கு உத்தரவாதமல்ல. தடிமனுக்கு எடுக்கும் தூக்கம் தரும் குளிசையோ, நித்திரைக் குளிசையோ இடையில் சேர்ந்துவிட்டால் ஆபத்து இன்னும் கூடும்.

என்னை மிகவும் கவலைப்படுத்துவது குறட்டை. "பாவம், வலியில்லாமல் நன்றாக நித்திரை கொள்கிறார்" என்று வீட்டார் விட்டுவிடுகிறார்கள். வழக்கத்துக்கு மாறான, தொண்டையில் நீர் கொதிப்பது போன்ற குறட்டையும், இடையிடையே மூச்சு நின்று மீண்டும் வருவதும் ஆறுதல் தரும் உறக்கத்தின் அடையாளங்கள் அல்ல. அவரது வயிற்றின்மேல் கைவைத்து, மணிக்கூட்டைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். வளர்ந்தவருக்கு 12 முதல் 20 வரை இயல்பு. பத்துக்குக் கீழே போனாலும், தோளை உலுக்கிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டும் விழிக்காவிட்டாலும், உதடு நீலம் பாய்ந்திருந்தாலும், கண்மணி ஊசிமுனையளவு சுருங்கியிருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

இன்றிரவு அவர் ஏற்கெனவே குடித்துவிட்டால், பத்து மணிக் குளிசையைக் கொடுக்காதீர்கள். விடுபட்டதற்காகக் காலையில் இரண்டாகவும் கொடுக்க வேண்டாம். காலைத் தலையணைமேல் உயர்த்தி வைத்து, ஒருக்களித்துப் படுக்கவிட்டு, யாராவது அருகில் இருங்கள். குளிசையை முற்றாக நிறுத்திய பின்னரும் குறைந்தது இரண்டு நாட்களாவது மது கூடாது; சிறுநீரக நோயோ ஈரல் நோயோ இருப்பவருக்கு, அல்லது நீண்டநேரம் வேலை செய்யும் வகைக் குளிசை எடுத்தவருக்கு, அதைவிடக் கூடுதலான நாட்கள் தேவைப்படும்.

விபத்துக்கு முன்பே அவர் தினமும் குடிப்பவராக இருந்திருந்தால், அதைக் கிளினிக்கில் மறைக்காமல் சொல்லுங்கள். தினமும் குடிப்பவர் சடுதியாக நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும். ட்ரமடோலும் வலிப்பைத் தூண்டக்கூடியது. இதை அறிந்தால் வைத்தியர் வலிக்கு வேறு மருந்தைத் தெரிவுசெய்வார், மதுவை நிறுத்துவதற்கும் துணைமருந்து தருவார். குடிக்கிறார் என்று சொன்னால் ஏசுவார்களோ என்று பயந்து பல குடும்பங்கள் வாய்திறப்பதில்லை. உங்கள் கணவருக்குப் பொருத்தமான மருந்தைத் தீர்மானிக்க வைத்தியருக்கு வேண்டியதே அந்தத் தகவல்தான்.

மேலே சொன்ன அடையாளங்களில் ஒன்று தெரிந்தால் உடனே 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மூச்சு நின்றுவிட்டால் அழைப்பைத் துண்டிக்காமல் அவர்கள் சொல்லும் முதலுதவியைச் செய்யுங்கள். குளிசை மட்டையைக் கையில் கொடுத்து, என்ன நேரத்துக்கு எத்தனை குளிசை, எவ்வளவு சாராயம் என்பதைச் சொல்லுங்கள். வைத்தியசாலையில் நலோக்சோன் என்ற மாற்று மருந்து ஏற்றுவார்கள். அது ட்ரமடோலின் விளைவை ஓரளவுக்கே முறிக்கும், மதுவை முறிக்காது. ட்ரமடோல் உடலில் தங்கும் நேரத்தைவிட விரைவிலேயே அதன் வேலையும் தீர்ந்துவிடும். எனவே அவர் எழுந்து உட்கார்ந்து "வீட்டுக்குப் போவம்" என்றாலும், வைத்தியர் விடும்வரை வார்ட்டிலேயே வைத்திருங்கள்.