பதிவுத் திருமணத்தில் நாமே எழுதும் உறுதிமொழி

கேள்வி: அடுத்த மாதம் பதிவு அலுவலகத்தில் எளிமையாகத் திருமணம் செய்துகொள்ளப் போகிறோம். ஒருவருக்கொருவர் சொந்த வார்த்தைகளில் உறுதிமொழி சொல்ல ஆசை. மேடைப் பேச்சுபோல் ஆகிவிடாமல் அதை எப்படி எழுதுவது?

பதில்:

நீங்கள் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மணந்துகொள்வதாக எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நானும் என் கணவரும் அப்படித்தான் மணந்துகொண்டோம். அச்சட்டத்தின் 12ஆம் பிரிவு, நீங்கள் விரும்பும் எந்த முறையிலும் திருமணத்தை நடத்திக்கொள்ள இடம் தருகிறது. ஆனால் திருமண அலுவலர், மூன்று சாட்சிகள் ஆகியோர் முன்னிலையில், "இன்னாராகிய நான், இன்னாராகிய உங்களை என் சட்டப்படியான கணவராக அல்லது மனைவியாக ஏற்றுக்கொள்கிறேன்" என்ற பொருள்படும் வாக்கியத்தை இருவரும் தங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவருக்கொருவர் சொன்னால்தான் திருமணம் செல்லும். அந்த வாக்கியத்தில் கைவைக்காதீர்கள். அதை அலுவலர் சொல்லித் தருகிறபடியே சொல்லி முடித்து, மாலை மாற்றுவதற்கு முன் உங்கள் சொந்த வார்த்தைகளைச் சொல்லலாம். திருமணத்தைச் செல்லுபடியாக்கும் பொறுப்பு அந்த ஒரு வாக்கியத்துக்கே உரியது என்பதால், நீங்கள் எழுதுவது கம்பீரமாக இருக்க வேண்டிய தேவையே இல்லை.

நான் முதலில் எழுதியது, "இன்பத்திலும் துன்பத்திலும் உன்னைப் பிரியாதிருப்பேன், உன் கனவுகளுக்குத் துணை நிற்பேன்" என்று தொடங்கியது. அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லிவிடலாம். எனவே ஒவ்வொரு வரிக்கும், இதை எந்தக் கிழமை, எந்த வேளையில், எப்படிச் செய்வேன் என்று கேட்டுப் பார்த்தேன். விடை கிடைக்காத வரியை அடித்துவிட்டேன். என் கணவர் மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர். அவருடைய தம்பி அப்போது படித்துக்கொண்டிருந்தார். நான் கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்கிறவள். இவற்றிலிருந்து வந்ததுதான் கடைசியில் நான் சொன்னது:

"நைட் டூட்டி முடிஞ்சு நீ வந்து தூங்குற நேரத்துல, வீட்டுக்கு யார் வந்தாலும் உன்ன எழுப்ப மாட்டேன். உன் தம்பி படிச்சு முடிக்கிற வரைக்கும் என் சம்பளத்துலயும் அவனுக்குப் பங்கு உண்டு; அத நீ எங்கிட்ட கேக்க வேண்டியதில்ல. கோபம் வந்தா நான் பேசாம இருந்துடுவேன்னு உனக்குத் தெரியும். இனிமே எவ்வளவு கோபமா இருந்தாலும், படுக்கப் போறதுக்கு முன்னாடி காரணத்த உங்கிட்ட சொல்லிடுவேன்."

இதில் அன்பு, காதல் என்ற சொற்கள் இல்லை. அவர் கண் கலங்கியது முதல் வரிக்கு. பகலில் உறங்குகிற ஒருவரை உறவினர்கள் எத்தனை முறை எழுப்புவார்கள் என்பது அவருக்குத்தானே தெரியும்!

எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா என்று குழம்ப வேண்டாம். வீட்டில் எப்படிப் பேசுகிறீர்களோ அப்படியே எழுதுங்கள். எங்கள் சாட்சிகளில் ஒருவர் அவருடைய பெரியம்மா. பெரியவர்கள் முன் நான் அவரை 'நீங்க' என்றுதான் சொல்வேன். ஆனால் உறுதிமொழியில் அப்படி மாற்றினால் அது பெரியம்மாவுக்குச் சொல்வதாகிவிடும் என்று தோன்றியதால் 'நீ' என்றே வைத்துக்கொண்டேன். பெரியம்மாவிடம் அதை முன்கூட்டியே சொல்லியும்விட்டேன். உங்கள் வீட்டில் அது மனவருத்தத்தில் முடியும் என்றால் 'நீங்க' என்றே சொல்லுங்கள். உள்ளே இருக்கும் செய்தி உங்களுடையதாக இருந்தால் நெருக்கம் குறையாது.

நெருக்கமானவை எல்லாம் அங்கே சொல்லத் தக்கவை அல்ல. மருத்துவச் சிகிச்சை, பழைய உறவுகள், மாமியார் வீட்டுப் பிணக்கு ஆகியவற்றைத் தொடும் வரிகளைத் தனியே ஒரு கடிதமாக எழுதிக் கொடுங்கள். சொத்து, கடன் பற்றிய வாக்குகளையும் இதில் சேர்க்காதீர்கள்; அவற்றுக்கு முறையான ஆவணம் வேண்டும். நீளம் ஒருவருக்கு 60 முதல் 80 சொற்கள் போதும். நிதானமாகப் படித்தால் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முன்கூட்டியே ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க வேண்டாம். ஆனால் நீளத்தை மட்டும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் இரண்டு வரியும் மற்றவர் இரண்டு பக்கமும் கொண்டுவந்தால் குறைவாக எழுதியவருக்குச் சங்கடமாக இருக்கும்.

திருமண அறிவிப்பு கொடுத்ததிலிருந்து 30 நாள் காத்திருக்க வேண்டும் அல்லவா? அதற்குள் அலுவலகத்தில், "சட்ட வாக்கியத்தைச் சொன்ன பிறகு எங்களுக்கு இரண்டு நிமிடம் கிடைக்குமா?" என்று கேட்டுவிடுங்கள். முகூர்த்த நாள்களில் கூட்டம் அதிகம் என்பதால் மறுக்கக்கூடும். அப்படி நேர்ந்தால் சட்ட வாக்கியத்தை மட்டும் அங்கே சொல்லிக் கையெழுத்திட்டுவிட்டு, உங்கள் உறுதிமொழியை வீட்டில் அந்த மூன்று சாட்சிகளையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள்; திருமணம் ஏற்கெனவே முடிந்துவிட்டதால், அங்கே உங்களை யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.