புதுப் பொருள் வருமுன் டீசர் கேப்ஷன் போடுவது எப்படி?

கேள்வி: கடலூரில் பலாச்சுளை சிப்ஸ் விற்கப் போறேன். அதுக்கு முன்னாடி மூணு நாளைக்கு டீசர் கேப்ஷன் எப்படிப் போடணும்?

பொருளின் பெயரை மறைத்து, தினம் ஒரு துப்பு மட்டும் தரும் குட்டி வாசகம்தான் டீசர் கேப்ஷன். பாதி தெரிந்ததைத்தான் மனசு முழுசாக அறியத் துடிக்கும். விடுகதை வேலை செய்வதும் இப்படித்தான்.

வெள்ளிக்கிழமை விற்பனை என்று வைத்துக்கொள்வோம்.

செவ்வாய்: "கடிச்சா பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். வெள்ளிக்கிழமை தெரியும்."

புதன்: "மரத்துல பழுக்க வேண்டியது, கடாய்க்கு வந்துடுச்சு. என்னன்னு சொல்லுங்க?"

வியாழன்: "ஊர் பண்ருட்டி. ஆனா முந்திரி இல்லை!"

வெள்ளி: பெயர், எடை, விலை, ஆர்டர் எண், எல்லாமே.

பண்ருட்டியை முதல் நாளே சொல்லிவிடாதீர்கள். நம்ம பக்கம் அந்தப் பெயரைக் கேட்டாலே பலாவோ முந்திரியோதான் நினைவுக்கு வரும், புதிர் அங்கேயே உடைந்துவிடும். புதன்கிழமை பதில்களைக் கவனியுங்கள்: எல்லோரும் சரியாகச் சொன்னால் துப்பு பெரிசு, ஒருவரும் முயலவில்லை என்றால் ரொம்பச் சின்னது. வியாழன் வரியை அதற்கேற்ப மாற்றுங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். முந்தின நாளைப் பார்க்காதவருக்கும் புரியும்படி ஒவ்வொரு வரியும் தனியாக நிற்க வேண்டும்.

"விரைவில்..." என்று மட்டும் போட்டாலே டீசர் என்று பலர் நினைக்கிறார்கள், ஊகிக்க ஒரு துப்பும் இல்லாததால் அது வெறும் அறிவிப்புதான்.