ரத வீதி முக்கில் கார் வழுக்குவது ஏன்? வாசகர் கேள்வி-பதில்

நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளை மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு ரேஸ் கேம் செய்கிறேன். முக்கில் திருப்பினால் காரின் மூக்கு திரும்புகிறது, ஆனால் கார் பழைய திசையிலேயே போகிறது. (பாளையங்கோட்டை வாசகர்)

டயர் செய்யும் வேலை உங்கள் கேமில் இல்லை. டயர் முன்னே உருளும், பக்கவாட்டில் நகர மறுக்கும். அதனால் வேகத்தைக் காரின் நீளவாக்கில் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என இரண்டாகப் பிரித்து, பக்கவாட்டு வேகத்தை மட்டும் குறைக்க வேண்டும்.

```
fx = cos(a); fy = sin(a)
vf = vx*fx + vy*fy
vl = -vx*fy + vy*fx
vl *= exp(-k*dt)
vx = fx*vf - fy*vl
vy = fy*vf + fx*vl
```

இதில் `vf` முன்வேகம், `vl` பக்கவாட்டு வேகம், `k` பிடிமானத்தின் அளவு, `dt` ஒரு ஃபிரேமுக்கு ஆகும் நொடி, `a` கார் பார்க்கும் கோணம். கார் நகரும் திசையை அங்கே போட்டுவிட்டால் `vl` எப்போதும் 0 ஆகிவிடும், பிடிமானமே வேலை செய்யாது. பலர் மாட்டுவது இங்கேதான். ஓடும்போது `vl` மதிப்பைத் திரையில் எழுதிப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும்.

நான் `vl *= 0.9` என்று வைத்திருக்கிறேன். என் கம்ப்யூட்டரில் சரியாக ஓடுகிறது. தம்பியின் பழைய லேப்டாப்பில் ஐஸ் மேல் போவது போல இருக்கிறது. (தென்காசி வாசகர்)

அந்த 0.9 ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒருமுறை பெருக்கப்படுகிறது. நொடிக்கு 60 ஃபிரேம் ஓடினால் 60 முறை, 30 ஓடினால் 30 முறைதான். பிடிமானம் பாதியாகிவிடுகிறது. மேலே உள்ள `exp(-k*dt)` வடிவத்துக்கு மாறுங்கள். 60 ஃபிரேமில் உங்கள் 0.9 தந்த அதே பிடிமானம் `k = 6.3`-இல் கிடைக்கும்.

டிரிஃப்ட் வேண்டும், ஆனால் எப்போதும் வேண்டாம். முக்கில் வேகமாக வந்தால் மட்டும். (அம்பாசமுத்திரம் வாசகர்)

`vl` நொடிக்கு 100 பிக்சலைத் தாண்டியதும் `k`-ஐ 6.3-இலிருந்து 1.5-க்கு இறக்குங்கள். 40-க்குக் கீழே வந்த பிறகுதான் பழையபடி ஏற்ற வேண்டும். இரண்டுக்கும் ஒரே எல்லை வைத்தால் கார் பிடிப்பதும் விடுவதுமாக நடுங்கும். `vl` இடப்பக்கம் மைனஸாக வரும், `abs(vl)` வைத்து ஒப்பிடுங்கள்.

எந்த வேகத்தில் வழுக்கும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போடலாம். ஆக்ஸிலேட்டரை விடாமல் தொடர்ந்து திருப்பும்போது `vl` ஏறத்தாழ வேகம் × திரும்பும் வீதம் ÷ `k` அளவில் போய் நிற்கும். திரும்பும் வீதம் நொடிக்கு 2.5 ரேடியன் என்று வையுங்கள். நொடிக்கு 200 பிக்சலில் வந்தால் `vl` 79, கார் பிடித்தபடியே திரும்பும். 300-இல் வந்தால் 119 வரை ஏறப் பார்க்கும், ரத வீதியின் செங்கோண முக்கில் பாதி திரும்பும்போதே வழுக்கத் தொடங்கிவிடும். வழுக்கும் வேகத்தின் எல்லை ஏறத்தாழ 252. வயக்காட்டு மண்பாதைக்கு `k`-ஐ 3 ஆக்கினால் அதே எல்லை 120-க்கு இறங்கிவிடும். மண்ணையும் தாரையும் ஆடுபவர் கையால் உணர இந்த ஒரு எண் போதும்.

வழுக்கும்போது வேகம் குறைவதைப் பிழை என்று நினைக்காதீர்கள். அழிந்த பக்கவாட்டு வேகம் முன்வேகத்துக்குத் திரும்பி வராது. அது அதிகம் என்று பட்டால் வழுக்கும்போது மட்டும் இன்ஜின் விசையைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஸ்டியரிங்கை நேராக்கினால் 150-இல் இருக்கும் `vl` சுமார் 0.9 நொடியில் 40-க்கு வந்துவிடும். அதற்கு மேல் இழுத்தால் 1.5-ஐ 2 ஆக்குங்கள்.

நிற்கும் கார் பம்பரம் மாதிரி சுற்றுகிறது. (சேரன்மகாதேவி வாசகர்)

திரும்பும் வீதத்தை `clamp(vf/80, -1, 1)` ஆல் பெருக்குங்கள். நின்றால் திரும்பாது, ரிவர்ஸில் தானாகவே மறுபக்கம் திரும்பும்.